ரசீதில் é இருக்க வேண்டிய இடத்தில் சீன எழுத்து: கோட் பேஜா, எமுலேஷனா?

"பழைய பில் பிரிண்டர் யுஎஸ்பி-யில், விண்டோஸ் டிரைவர் வழியாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது 80 மிமீ நெட்வொர்க் பிரிண்டர் வாங்கி, மென்பொருளில் 9100 போர்ட்டுக்கு நேரடியாக அனுப்பும்படி மாற்றினேன். ஆங்கில எழுத்தும் எண்ணும் சரியாக வருகின்றன. ஆனால் `Réf` என்பது `R茅f` என்று வருகிறது. € இருக்கும் இடத்தில் `鈧` என்று ஏதோ வருகிறது. `ESC t 16` அனுப்பிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. எமுலேஷனை ஸ்டாருக்கு மாற்றினால் இன்னும் மோசம்: நடுநடுவே `!`, கடைசியில் `VB`, தாளும் வெட்டவில்லை. பிரிண்டரே பழுதா?"

பிரிண்டரில் பழுதில்லை. முதலில் எமுலேஷனை, அதாவது பிரிண்டர் புரிந்துகொள்ளும் கட்டளை மொழியை, பழையபடி ESC/POS-க்கே திருப்பி வையுங்கள். அது சரியாகத்தான் இருந்தது. உங்கள் ரசீதில் இரண்டு கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் சரிசெய்தால் எழுத்துகள் வேறு விதமாகக் கெட்டுத் தெரியும், சரியாகாது. ஒன்று, பிரிண்டர் சைனீஸ் மோடில் இருக்கிறது. இன்னொன்று, மென்பொருள் UTF-8-ஆக அனுப்புகிறது, பிரிண்டருக்கு அது தெரியாது. `ESC t 16` ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது.

அடிப்படை ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ரசீது பிரிண்டருக்கு 'é' என்று ஓர் எழுத்து இருப்பதே தெரியாது. அதற்கு வருவது பைட்டுகள், அதாவது 0 முதல் 255 வரையான எண்கள். அதன் நினைவகத்தில் எழுத்துகளின் புள்ளிப் படங்கள் ஓர் அட்டவணையாக இருக்கின்றன. 82 என்று ஓர் எண் வந்தால் (இங்கே பைட்டுகளை ஹெக்ஸில் சொல்கிறேன், `ESC t 16` போன்ற கட்டளைகளில் வரும் எண் மட்டும் சாதாரணப் பத்தடிமான எண்) 82-ஆம் கட்டத்தில் என்ன படமோ அதை அச்சிடும். 20 முதல் 7E வரையான கட்டங்கள் ஏறக்குறைய எல்லாப் பிரிண்டர்களிலும் ஒன்றே. ஆங்கில எழுத்து, எண், காற்புள்ளி எல்லாம் அங்கேதான் உள்ளன. எண்ணும் ஆங்கிலமும் எப்போதும் தப்பிப்பதன் காரணம் அதுதான். 80 முதல் FF வரையுள்ள 128 கட்டங்கள்தான் மாறக்கூடியவை. அந்த 128 கட்டங்களில் எந்தப் படத்தொகுப்பை வைப்பது என்ற தேர்வுக்குப் பெயர்தான் கோட் பேஜ். `ESC t n` என்ற கட்டளை செய்வது அந்தத் தொகுப்பை மாற்றுவதை மட்டும்தான். நீங்கள் அனுப்பும் பைட்டை அது தொடுவதில்லை, மொழிபெயர்ப்பதும் இல்லை.

ஆக, இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். மென்பொருள் எந்த அட்டவணைப்படி எழுத்தை எண்ணாக்குகிறதோ, அதே அட்டவணையைத்தான் பிரிண்டரும் திறந்து வைத்திருக்க வேண்டும். பலர் பிரிண்டர் பக்கத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, 'எல்லா எண்ணும் போட்டுப் பார்த்தாயிற்று' என்று அலுத்துப்போகிறார்கள். மென்பொருள் UTF-8 அனுப்பிக்கொண்டிருக்கும்வரை சாதாரண கோட் பேஜ் எதுவும் அதைச் சரிசெய்யாது. UTF-8-இல் é ஒரு பைட் அல்ல, C3 A9 என்று இரண்டு பைட்டுகள். € மூன்று பைட்டுகள்: E2 82 AC. ஒரு கட்டத்துக்கு ஒரு படம் என்று இயங்கும் பிரிண்டரில் இவை இரண்டு, மூன்று தனி எழுத்துகளாகத்தான் விழும்.

உங்களுக்கு ஏன் சீன எழுத்தாக விழுந்தது? பல பிரிண்டர்கள் ஆலையிலிருந்து வரும்போதே சைனீஸ் மோட் இயங்கும் நிலையில் வருகின்றன. அந்த மோடில், 80-க்கு மேற்பட்ட ஒரு பைட் வந்தால் பிரிண்டர் அதைத் தனியாகப் பார்ப்பதில்லை. அடுத்த பைட்டையும் சேர்த்து எடுத்து, இரண்டையும் ஒரு சீன எழுத்தின் எண்ணாக வாசிக்கிறது. C3 A9 சேர்ந்தால் சீனக் குறிமுறையில் 茅. E2 82 சேர்ந்தால் 鈧. மிச்சம் AC என்ற ஒற்றை பைட் துணையில்லாமல் நிற்கும். அது வெற்றிடமாகவோ கேள்விக்குறியாகவோ போகும், சில பிரிண்டர்களில் அடுத்து வருவதையும் இழுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு எழுத்துகளுமே இந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்துகின்றன. அதனால்தான் பிரிண்டரைப் பார்க்காமலே உறுதியாகச் சொல்கிறேன்.

இதில் ஒரு நல்ல தடயமும் இருக்கிறது. உங்கள் `R茅f`-இல் கடைசி `f` பத்திரமாக இருக்கிறது. மென்பொருள் UTF-8 அனுப்பாமல், é-யை விண்டோஸ் 1252 அட்டவணைப்படி E9 என்ற ஒரே பைட்டாக அனுப்பியிருந்தால், சைனீஸ் மோட் அந்த E9-உடன் அடுத்த `f`-ஐயும் (66) சேர்த்து விழுங்கியிருக்கும். R-க்குப் பின் ஒரே ஒரு சீன எழுத்து மட்டும் நிற்கும், `f` காணாமல் போயிருக்கும். பக்கத்து எழுத்து தப்பியிருந்தால் UTF-8, விழுங்கப்பட்டிருந்தால் ஒற்றை பைட் குறிமுறை என்று வைத்துக்கொள்ளலாம். é-க்கு இது சரியாகப் பொருந்தும். € போல மூன்று பைட் உள்ளவற்றில் குழம்பும், அதனால் இரண்டு பைட் எழுத்தை வைத்தே பாருங்கள்.

`ESC t 16` ஏன் ஒன்றும் செய்யவில்லை என்பது இப்போது தெரியும். எப்சன் அட்டவணையில் 16 என்பது விண்டோஸ் 1252. பிரிண்டர் அந்தக் கட்டளையை ஏற்றுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் சைனீஸ் மோட் முன்னால் நிற்பதால் 80-க்கு மேற்பட்ட பைட் எதுவும் கோட் பேஜ் அட்டவணை வரை போய்ச் சேரவேயில்லை. பூட்டிய அறைக்குள் விளக்கை மாற்றியது போலத்தான்.

சைனீஸ் மோடை நிறுத்தும் கட்டளை `FS .`, பைட்டுகளில் 1C 2E. இதை மட்டும் சேர்த்துவிட்டு, `ESC t 16` இருக்க அதே ரசீதை அனுப்பினால், இப்போது `RÃ©f` என்றும், € இடத்தில் `â‚¬` என்றும் வரும். `ESC t 0`, அதாவது PC437 என்றால் `R├⌐f`, `Γé¼`. பார்க்கக் கேவலமாக இருந்தாலும் இது முன்னேற்றம். சீன எழுத்து போய், ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற நிலைக்கு வந்துவிட்டோம். C3, A9 இரண்டும் அவற்றின் கட்டப் படங்களாகத் தனித்தனியே தெரிகின்றன. ஓர் எழுத்துக்கு இரண்டு எழுத்து, €-க்கு மூன்று என்று விழுந்தாலே மென்பொருள் UTF-8 அனுப்புகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இனி மென்பொருள் பக்கம். அனுப்பும் எழுத்தை UTF-8-இலிருந்து ஒற்றை பைட் அட்டவணை ஒன்றுக்கு மாற்ற வேண்டும். é, € இரண்டும் உள்ள இரண்டு அட்டவணைகள் இங்கே போட்டிக்கு வருகின்றன: விண்டோஸ் 1252, PC858. நான் PC858-ஐத்தான் எடுப்பேன். ரசீதில் பிரிக்கும் கோடுகளைப் பல மென்பொருள்கள் C4 என்ற பைட்டை வரிசையாக அடுக்கித்தான் வரைகின்றன. PC437, PC850, PC858 மூன்றிலும் C4 கிடைக்கோடு `─`. விண்டோஸ் 1252-இல் அதே C4 `Ä`. அதனால் 1252-க்கு மாறியதும் é சரியாகி, கோடுகள் எல்லாம் `ÄÄÄÄÄÄ` என்று மாறிவிடும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்த கதை அது. உங்கள் ரசீதில் கோடுகள் வெறும் `-` என்றால் இந்தக் கவலை இல்லை, எதை எடுத்தாலும் ஒன்றுதான்.

மென்பொருளைத் தொடும் முன், அதை முழுதாக ஒதுக்கிவிட்டு பிரிண்டரை மட்டும் சோதியுங்கள். எந்த இடத்தில் பிழை என்பதை இது ஒன்றே பிரித்துக் காட்டும். பைத்தானில் இவ்வளவுதான்:

```python
p  = b"\x1b@"        # ESC @
p += b"\x1c."        # FS .
p += b"\x1bt\x13"    # ESC t 19
p += "Réf. 204\nTotal 12,50 €\n".encode("cp858")
p += b"\n\n\x1dVB\x00"
open("test.bin", "wb").write(p)
```

அதை அப்படியே பிரிண்டருக்கு அனுப்ப, லினக்ஸிலோ மேக்கிலோ இந்த ஒரு வரி போதும். ஐபி முகவரியை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

```
nc 192.168.1.50 9100 < test.bin
```

இந்தக் கோப்பில் `Réf` என்பது 52 82 66 என்ற மூன்று பைட்டுகள். € என்பது D5 என்ற ஒரே பைட். எப்சன் எண்ணிக்கையில் 19 (ஹெக்ஸில் 13) என்பது PC858. தாளில் சரியாக வந்தால் பிரிண்டர் குற்றமற்றது, மீதி வேலை முழுவதும் மென்பொருளில்தான்.

முதல் மூன்று கட்டளைகளின் வரிசை முக்கியம். `ESC @` பிரிண்டரை அதன் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகிறது. அந்தத் தொடக்க நிலையில் சைனீஸ் மோட் இயக்கத்தில் என்று இருந்தால், அதுவும் திரும்பி வந்துவிடும். கோட் பேஜும் ஆரம்ப எண்ணுக்குப் போய்விடும். ஆகவே `ESC @` முதலில், பிறகு `FS .`, பிறகு `ESC t`, அதன்பிறகே எழுத்து. இதைத் திருப்பிப் போட்டவர்கள் ஏராளம். கோட் பேஜை வைத்துவிட்டு உடனே `ESC @` அனுப்பி, வைத்ததை அழித்திருப்பார்கள். இன்னொரு வகையும் உண்டு: ரசீதின் மேல்பாதி சரியாக வந்து, லோகோவுக்கோ மொத்தத் தொகைக்கோ பிறகு கெட்டுப்போகும். அங்கே மென்பொருள் நடுவில் இன்னொரு `ESC @` அனுப்புகிறது என்று சந்தேகப்படுங்கள். பல அச்சு நூலகங்கள் ஒவ்வொரு பகுதிக்கும் அதைச் சொல்லாமல் கொள்ளாமல் செருகுகின்றன. அணைத்துப் போட்டாலும் மறையாத தீர்வு வேண்டுமென்றால், பிரிண்டரின் டிப் சுவிட்சிலோ, உற்பத்தியாளர் தரும் அமைப்பு மென்பொருளிலோ சைனீஸ் மோடை நிரந்தரமாக நிறுத்திவிடலாம். முடிந்தால் அதையும் செய்யுங்கள். ஆனாலும் கட்டளையை எடுக்காதீர்கள். நாளைக்கு இந்தப் பிரிண்டருக்குப் பதில் வேறொன்று வந்தால் அதுதான் காப்பாற்றும்.

19 போட்டும் சரியாக வரவில்லை என்றால்? அதற்கும் வாய்ப்பு உண்டு. `ESC t` என்ற கட்டளை பொதுவாக இருந்தாலும், எந்த எண்ணுக்கு எந்த அட்டவணை என்பது உற்பத்தியாளர் வைப்பதுதான். எப்சனைப் பின்பற்றும் பிரிண்டர்கள் பெரும்பாலும் 0 முதல் 5 வரையும், 16 முதல் 19 வரையும் ஒத்துப்போகின்றன. அதைத் தாண்டினால் அவரவர் வழி. கையேட்டில் இருப்பதும் சில நேரம் உண்மையாக இருக்காது. அதனால் பிரிண்டரையே கேட்டுவிடுவது நல்லது:

```python
b = b"\x1b@\x1c."
for n in range(60):
    b += b"\x1bt" + bytes([n])
    b += b"%3d: \x82 \xd5 \xe9 \x80\n" % n
open("tables.bin", "wb").write(b)
```

ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு பைட்டுகளை மட்டும் அச்சிடுகிறது இது. நீளமான தாள் வரும், ஆனால் ஒரு முறை எடுத்து ஒட்டி வைத்தால் போதும். PC437 என்றால் அந்த வரியில் `é ╒ Θ Ç` என்று இருக்கும். PC850 என்றால் `é ı Ú Ç`. PC858 என்றால் `é € Ú Ç`. விண்டோஸ் 1252 என்றால் `‚ Õ é €`. நடுவில் இருக்கும் 850-ஐயும் 858-ஐயும் கவனியுங்கள். இரண்டும் ஒரே அட்டவணைதான், ஒரே ஒரு கட்டம் தவிர. 850-இல் D5 இடத்தில் புள்ளியில்லாத i இருந்தது. பிறகு யூரோ வந்தபோது அந்த இடத்தை அதற்குக் கொடுத்து 858 என்று பெயர் மாற்றினார்கள். எனவே é, ü, ñ எல்லாம் சரியாக வந்து, € மட்டும் புள்ளியில்லாத i-ஆக வந்தால், 858-க்குப் பதிலாக 850 திறந்திருக்கிறது என்று பொருள். வேறெங்கும் தேட வேண்டாம்.

பழைய பிரிண்டரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்று கேட்பீர்கள். அங்கே நடுவில் விண்டோஸ் டிரைவர் இருந்தது. சாதாரண எழுத்துருவில் அச்சிடும்போது டிரைவர் ரசீதை முழுவதும் படமாக வரைந்து, புள்ளி வரிசைகளாகத்தான் பிரிண்டருக்கு அனுப்பும். படத்துக்கு கோட் பேஜ் கிடையாது. பிரிண்டர் எந்த மோடில் இருந்தாலும் é é-ஆகவே வரும். 9100 போர்ட்டுக்கு நேரடியாக அனுப்பத் தொடங்கியதும் அந்த நடுவரை எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான் நடந்தது. இதில் நானே ஒருமுறை அரைநாள் ஏமாந்திருக்கிறேன். விண்டோஸ் சோதனைப் பக்கம் எல்லா எழுத்துகளோடும் அழகாக வந்தது, அதனால் பிரிண்டர் அமைப்பு சரி என்று முடிவுகட்டிவிட்டேன். அந்தச் சோதனைப் பக்கம் பிரிண்டரின் எழுத்து அட்டவணையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இப்போது எமுலேஷன். கோட் பேஜ் என்பது எழுத்துகளின் அட்டவணை என்றால், எமுலேஷன் என்பது கட்டளைகளின் மொழி. தடித்த எழுத்து, நடுவில் வை, தாளை வெட்டு என்பதை எந்த பைட்டுகளால் சொல்வது என்ற ஏற்பாடு. எப்சன் வழி வந்தது ESC/POS. ஸ்டார் நிறுவனத்துக்கு அதன் சொந்த மொழி இருக்கிறது. இரண்டுமே ESC என்ற 1B பைட்டில் தொடங்குவதால் ஒன்று போலத் தோன்றும். அந்த ஒற்றுமைதான் ஆபத்து: ஒரே பைட்டுகளுக்கு இரு மொழியிலும் வேறு வேறு பொருள் இருக்கிறது.

உங்கள் மென்பொருள் ESC/POS பேசுகிறது, நீங்கள் பிரிண்டரை ஸ்டாருக்கு மாற்றினீர்கள். அதன்பின் தாளில் நீங்கள் கண்டதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தலைப்பைப் பெரிதாக்க ESC/POS-இல் `GS !` என்று ஒரு கட்டளை உண்டு, பைட்டுகள் 1D 21 n. ஸ்டார் மொழியில் 1D தனியாக வந்தால் அதற்குப் பொருள் இல்லை, பிரிண்டர் அதைத் தள்ளிவிடும். மிச்சமான 21 என்ன? ஆஸ்கியில் அது `!`. அதுதான் நடுநடுவே விழுந்த ஆச்சரியக்குறி. தாள் வெட்டும் கட்டளை 1D 56 42 00. 1D போனதும் 56 `V`, 42 `B`. வெட்ட வேண்டிய கட்டளை எழுத்தாகவே அச்சாகிவிட்டது, அதனால்தான் தாள் வெட்டவில்லை. `VB`-யைப் பார்த்ததும் எனக்கு உங்கள் கேள்வியின் பாதி தீர்ந்துவிட்டது.

இன்னும் இரண்டு தடயங்கள் உங்கள் தாளில் இருந்திருக்க வேண்டும், திரும்ப எடுத்துப் பாருங்கள். ESC/POS-இல் `ESC a 1` என்றால் வரியை நடுவில் வை. ஸ்டாரில் அதே `ESC a 1` என்றால் தாளை ஒரு வரி தள்ளு. அதனால் தலைப்பு இடப்பக்கமே ஒட்டி நின்று, மேலே வெற்று வரி கூடியிருக்கும். அடுத்தது தடித்த எழுத்து. ESC/POS-இல் `ESC E 1` தடிமனை இயக்கும், `ESC E 0` நிறுத்தும். ஸ்டாரில் `ESC E` என்பதற்குப் பின்னால் எண்ணே கிடையாது, அது எப்போதும் இயக்குவது மட்டும்தான். நிறுத்துவதற்கு `ESC F` என்று தனிக் கட்டளை. ஆகவே உங்கள் மென்பொருள் 'நிறுத்து' என்று நினைத்து அனுப்பியதும் 'இயக்கு' என்றே போயிருக்கும். முதல் தடித்த வரிக்குப் பிறகு ரசீது முடியும்வரை எல்லாமே தடித்திருக்கும்.

எதிர்த்திசையிலும் இதே கதை நடக்கும். மென்பொருள் ஸ்டார் மொழி பேசி, பிரிண்டர் ESC/POS-இல் இருந்தால், எழுத்துகள் கூடுவதற்குப் பதில் குறையும். ஸ்டார் மென்பொருள் `ESC E` அனுப்பி உடனே `Total` என்று எழுதும். ESC/POS பிரிண்டரோ `ESC E`-க்குப் பின் ஓர் எண்ணை எதிர்பார்த்து நிற்கிறது. வந்த முதல் பைட்டான `T`-யை அந்த எண்ணாக எடுத்துக்கொள்ளும். தாளில் `otal` என்று விழும். தடிமனும் வராது, ஏனெனில் அந்தக் கட்டளை எண்ணின் கடைசி பிட்டை மட்டும் பார்க்கிறது, `T` என்ற 54-இன் கடைசி பிட் 0. ஸ்டாரின் வெட்டும் கட்டளை `ESC d`-யும் ESC/POS-இல் சில வரிகள் தள்ளு என்று பொருள்படுவதால், தாள் கொஞ்சம் நகர்ந்துவிட்டு வெட்டாமல் நிற்கும்.

ஆங்கில எழுத்துகளே கூடினாலோ குறைந்தாலோ, தாள் வெட்டுவதும் வரி நடுவில் வருவதும் கெட்டாலோ எமுலேஷனைப் பாருங்கள். அமைப்பெல்லாம் ஒழுங்காக இருந்து é, €, ü போன்றவை மட்டும் கெட்டால் எமுலேஷனைத் தொடவே தொடாதீர்கள், அது கோட் பேஜ் வேலை. உங்களுடையது தொடக்கத்தில் இரண்டாவது வகையாக மட்டுமே இருந்தது. கோட் பேஜ் எண்களும் மொழிக்கு மொழி மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். விண்டோஸ் 1252-க்கு எப்சன் வழியில் `ESC t 16`, ஸ்டாரில் `ESC GS t 32`. கட்டளையும் வேறு, எண்ணும் வேறு.

பிரிண்டர் இப்போது எந்த எமுலேஷனில் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம். அணைத்துவிட்டு, தாள் தள்ளும் `FEED` பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரத்தைப் போட்டால் பெரும்பாலான பிரிண்டர்கள் சுயசோதனைத் தாள் ஒன்றைத் தரும். எமுலேஷன், தொடக்கக் கோட் பேஜ், சைனீஸ் மோட் நிலை எல்லாம் பெரும்பாலும் அதிலேயே அச்சாகியிருக்கும். மென்பொருள் உண்மையில் என்ன அனுப்புகிறது என்பதைப் பார்க்க இன்னும் நல்ல வழி ஹெக்ஸ் டம்ப் மோட். எப்சன் வகைப் பிரிண்டர்களில் மூடியைத் திறந்து வைத்து `FEED`-ஐ அழுத்தியபடி இயக்கி, பிறகு மூடியை மூடினால் அது தொடங்கும். மற்றவற்றில் முறை கொஞ்சம் மாறும், கையேட்டில் இருக்கும். அந்த மோடில் பிரிண்டர் எந்தக் கட்டளையையும் நிறைவேற்றாது, வந்த பைட்டுகளை அப்படியே எண்களாக எழுதிக்காட்டும். உங்கள் ரசீதை அனுப்பி `52 C3 A9 66` என்று கண்டால் மென்பொருள் இன்னும் UTF-8-தான் அனுப்புகிறது. `52 82 66` என்று கண்டால் 858-க்கு மாறிவிட்டது. `1C 2E` இருக்கிறதா, அது `1B 40`-க்குப் பிறகு வருகிறதா என்பதும் அங்கேயே தெரியும். மென்பொருள் தந்தவரிடம் வாதாட வேண்டி வந்தால் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்புங்கள். 'எங்கள் பக்கம் சரிதான்' என்ற பதிலுக்குப் பிறகு வேலையிருக்காது.

ஆங்கிலம் எப்போதும் தப்பிக்கும் என்று சொன்னேன், அதற்குச் சின்ன விலக்கு ஒன்று உண்டு. `ESC R n` என்ற பழைய கட்டளை, 80-க்குக் கீழே உள்ள பன்னிரண்டு குறிகளை மட்டும் நாட்டுக்கு ஏற்ப மாற்றும். பிரிட்டன் என்று வைத்தால் `#` அச்சில் `£` ஆகிவிடும். ஜெர்மனி என்றால் `[` `Ä` ஆகும். எழுத்தெல்லாம் சரி, `#` மட்டும் வேறாக வருகிறது என்றால் கோட் பேஜை விட்டுவிட்டு `ESC R 0` அனுப்புங்கள். ஆங்கிலமும் எண்ணும் சேர்ந்தே மொத்தமாகக் குப்பையாக வந்தால் அது இந்த இரண்டு அமைப்புகளின் விஷயமே அல்ல. சீரியல் இணைப்பில் வேகம் ஒத்துப்போகாதபோது அப்படி வரும். ரசீதின் முதல் வரியிலேயே `%PDF` என்று வந்தால், பிடிஎஃப் கோப்பை நேராகப் பிரிண்டருக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன், தமிழில் ரசீது அடிக்கலாமா என்று அடுத்து கேட்கத் தோன்றும். மேலே சொன்ன PC437, 858, 1252 எதிலும் தமிழுக்கு இடமில்லை. எழுத்தை இடமாற்றி, கொம்பும் காலும் இருபுறமும் சேர்க்க வேண்டிய எழுத்துமுறைக்கு ஒரு பைட்டுக்கு ஒரு படம் என்ற ஏற்பாடு இயல்பாகப் பொருந்துவதுமில்லை. நம்பகமான வழி, அந்த வரிகளைக் கணினியிலேயே படமாக வரைந்து `GS v 0` கட்டளையால் அனுப்புவது. 80 மிமீ பிரிண்டரில் ஒரு வரிசைக்குப் பொதுவாக 576 புள்ளிகள், அதாவது 72 பைட்டுகள். உரையைவிட மெதுவாக அச்சாகும், ஆனால் கோட் பேஜ் தலைவலி அதில் கிடையாது. எப்சனின் சில புதிய மாடல்கள் `FS ( C` என்ற கட்டளை மூலம் UTF-8-ஐ நேரடியாகவே ஏற்கின்றன. அங்கும் பிரிண்டருக்குள் அந்த எழுத்தின் படம் இருந்தால்தான் அச்சில் வரும்.

உங்கள் வேலைக்குத் திரும்பினால், எமுலேஷனை ESC/POS-க்கு மாற்றி `test.bin`-ஐ அனுப்புங்கள். சரியாக வந்தால் மென்பொருளின் பிரிண்டர் அமைப்பில் குறிமுறை அல்லது என்கோடிங் என்ற இடத்தைத் தேடி `cp858` என்று வையுங்கள். தொடக்கக் கட்டளைகளைச் சேர்க்கும் பெட்டி இருந்தால் அதில் `1B 40 1C 2E 1B 74 13`. என்கோடிங்கை மாற்றவே வழியில்லாத மென்பொருள் என்றால், அதோடு போராடாமல் டிரைவர் வழிக்கே திரும்பிவிடுங்கள். கொஞ்சம் மெதுவாக அச்சாகும், எழுத்து சரியாக வரும்.